‘நல்ல பிளம்பர் இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டேன். 23 பதில் வந்தது, ஒன்றும் உதவவில்லை

உமா_நங்கநல்லூர் · திங்கள், இரவு 9.40

எங்கள் பகுதி முகநூல் குழுவில் போன வாரம் ஒரு பதிவு போட்டேன். அதை அப்படியே கீழே தருகிறேன்.

"நண்பர்களே, நங்கநல்லூரில் நம்பகமான, நியாயமாகக் காசு வாங்கும் நல்ல பிளம்பர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவசரம்."

23 பதில் வந்தது. ஒன்பது பேர் "எனக்கும் வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஐந்து பேர் வெறும் செல் நம்பர் மட்டும் போட்டார்கள், யார் நம்பர் என்றுகூடச் சொல்லவில்லை. மூன்று பதில் ஒரே விளம்பரம், வேறு வேறு பெயரில். ஒருவர் அம்பத்தூரில் இருக்கும் தன் மச்சானைச் சொன்னார். மற்றவர்கள் "நம்பகமான பிளம்பரா, அதுவும் சென்னையிலா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஐந்து நம்பரில் இரண்டைக் கூப்பிட்டேன். ஒருவர் நாளைக்கு வருகிறேன் என்றார், இன்னும் அந்த நாளை வரவில்லை. இன்னொருவர் வந்து பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, பாத்ரூம் முழுவதையும் உடைக்க வேண்டும், 65,000 ஆகும் என்றார்.

விஷயம் இதுதான். நாங்கள் இரண்டாவது மாடி. கீழ்வீட்டு மாமாவின் பாத்ரூம் கூரையிலிருந்து சொட்டுகிறது. அவருக்கு வயது 74. தினமும் காலையில் படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் மேலே கையைக் காட்டுவார். அதற்குத் திட்டினால்கூடப் பரவாயில்லை.

மறுபடி பதிவு போடலாமா? போட்டால் எப்படி எழுத வேண்டும்? யார் பதில் சொல்வது நம்பத்தக்கது என்று எப்படித் தெரியும்?

---

ரவி_மடிப்பாக்கம் · திங்கள், இரவு 10.05

இதற்கு எதற்கு மேடம் பிளம்பர்? டைல்ஸ் இடுக்கில் இருக்கும் பழைய ஒயிட் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி கிரவுட் போட்டால் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நின்றது. நூற்றுக்குத் தொண்ணூறு கேஸில் இதுதான் காரணம்.

---

செல்வம்_சைட் · திங்கள், இரவு 10.50

ரவி, உங்கள் வீட்டில் நின்றது சரி. நூற்றுக்குத் தொண்ணூறு என்பதை எங்கே எண்ணினீர்கள்?

உமா அம்மா, நான் 26 வருடம் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்தவன். உங்கள் பதிவில் என்ன குறை என்று கேட்டால், அதைப் படிக்கிறவருக்கு நினைவுபடுத்திப் பார்க்க ஒன்றுமே இல்லை. "நல்ல பிளம்பர்" என்றதும் அவருக்கு எந்த ஆள் ஞாபகம் வருவார்? போன மாதம் குழாய் வாஷர் மாற்றியவர் வருவார். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் தளத்துக்குள் ஓடும் கழிவுக் குழாயை அவர் தொட்டே இருக்க மாட்டார். "பாத்ரூம் தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டியதை யார் நிறுத்தினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த அனுபவம் இல்லாதவர்கள் தானாக ஒதுங்கிவிடுவார்கள். இருக்கிறவர் கதையாகச் சொல்வார்.

அதற்கு முன்னால் உங்களுக்கே ஒன்று தெரிந்தாக வேண்டும். தண்ணீர் வருவது மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலிருந்தா, தரையிலிருந்தா, தரைத் தண்ணீர் வெளியேறும் டிராப்பிலிருந்தா, கக்கூஸ் கோப்பையிலிருந்தா? நான்குக்கும் வேலை வேறு, சில சமயம் ஆளே வேறு. இது தெரியாமல் யாரைக் கூப்பிட்டாலும் "முழுவதும் உடைக்கணும்" என்பதுதான் பதிலாக வரும். அது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாத ஆள் தன் பாதுகாப்புக்குச் சொல்லும் விலை அது.

சில விவரம் சொல்லுங்கள். கட்டடம் எந்த வருடத்தது? பாத்ரூம் தரை, வெளித் தரையைவிடத் தாழ்வாக இருக்கிறதா? கீழ்வீட்டுக் கூரைக்கு அடியில் உங்கள் குழாய்கள் கண்ணுக்குத் தெரிகிறதா, இல்லை வெறும் கான்கிரீட்தானா? சொட்டுவது நாள் முழுக்கவா, நீங்கள் குளித்த பிறகா?

---

தமிழ்ச்செல்வி · செவ்வாய், காலை 7.15

எனக்கும் இதே மாதிரி ஒரு உதவி வேண்டும். ஆதம்பாக்கம் பக்கம் பத்தாம் வகுப்புக்கு நல்ல கணக்கு டியூஷன் வாத்தியார் யாராவது தெரியுமா? நம்பகமானவராக இருக்க வேண்டும், பெண் பிள்ளை.

---

செல்வம்_சைட் · செவ்வாய், காலை 7.40

பாருங்கள், மறுபடி அதே பதிவு. பிளம்பர் இருந்த இடத்தில் வாத்தியார் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

---

உமா_நங்கநல்லூர் · செவ்வாய், காலை 9.20

செல்வம் சார், கட்டடம் 1998. கீழ்வீட்டில் பார்த்தேன், குழாய் எதுவும் தெரியவில்லை, வெறும் கூரைதான். ஆனால் ஒரு மூலையில் வெள்ளையாக உப்புப் பூத்து, நடுவில் சுண்ணாம்பு மாதிரி ஒரு சின்னக் கூம்பு தொங்குகிறது. அதன் நுனியில்தான் சொட்டு. நாள் முழுக்கச் சொட்டுவதாக மாமா சொல்கிறார். அப்படியானால் மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய்தானே? எப்போதும் தண்ணீர் இருப்பது அதில்தானே?

---

செல்வம்_சைட் · செவ்வாய், காலை 11.00

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். குழாய் வெளியே தெரியவில்லை என்றால் உங்கள் பாத்ரூம் சங்கன் ஸ்லாப். அதாவது தளத்தை ஓரடி பள்ளமாக விட்டு, அதற்குள் குழாய்களைப் போட்டு, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் போட்டிருப்பார்கள். அந்த ஜல்லி ஒரு தொட்டி மாதிரி. நீங்கள் காலையில் குளித்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறங்கித் தேங்கி, நாள் முழுக்க, மறுநாளும் சொட்டும். வெறும் தளமாக இருந்தால் எப்போது சொட்டுகிறது என்று பார்த்தே காரணத்தைச் சொல்லலாம். சங்கன் என்றால் அந்தக் கணக்கு செல்லாது.

அதனால் மெதுவாகப் பாருங்கள். இன்னொரு பாத்ரூம் இருக்கிறதா? இருந்தால் இதை ஒரு வாரம் பூட்டிவிடுங்கள். ஆனால் மேலிருந்து வரும் வால்வை மூடாதீர்கள், குழாயில் தண்ணீர் அழுத்தம் அப்படியே இருக்கட்டும். மாமாவை இரவு பத்து மணிக்கு வாளி வைத்து, காலை ஆறு மணிக்கு டம்ளரால் அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் குழாய் பெரும்பாலும் நல்லபடி இருக்கிறது. ஜல்லியில் தேங்கியது வடிகிறது, அவ்வளவுதான். குறையாமல் அதே அளவில் நின்றால் குழாயைச் சந்தேகப்பட வேண்டும்.

---

ரவி_மடிப்பாக்கம் · செவ்வாய், மதியம் 1.30

ஒரு வாரமா? இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. டிராப்பில் சொட்டு நீலத்தைக் கரைத்து ஊற்றுங்கள். கீழே நீலமாகச் சொட்டினால் டிராப், இல்லை என்றால் டிராப் இல்லை. முடிந்தது.

---

செல்வம்_சைட் · செவ்வாய், மதியம் 2.10

முதல் பாதி சரி. நீலமாக வந்தால் சந்தேகமே வேண்டாம். வரவில்லை என்றால் மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓரடி ஜல்லியும் மணலும் கான்கிரீட்டும் தாண்டும்போது நிறம் வடிந்து வெறும் தண்ணீராகவே கீழே விழலாம்.

---

குழாய்க்காரன் · செவ்வாய், இரவு 8.45

நான் பிளம்பர்தான். தாம்பரம் பக்கம் வேலை, 15 வருடம். எங்கள் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

அக்கா, "பாத்ரூமில் லீக், சின்ன வேலைதான்" என்று யார் கூப்பிட்டாலும் எங்களுக்குப் பயம். சின்ன வேலை என்று நம்பி ஒரு ஸ்பானரோடு போனால், அங்கே உடைக்கிற வேலை இருக்கும். உடைக்கிற மிஷின் இல்லை, கொத்தனார் இல்லை, அரை நாள் போச்சு, அவர்கள் கொடுப்பது 300 ரூபாய். அதனால்தான் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போகிறோம். தப்புதான், ஆனால் காரணம் அது.

பதிவிலேயே எத்தனையாவது மாடி, கட்டடம் எந்த வருடம், உடைக்கச் சம்மதமா, கொத்தனார் நீங்கள் பார்க்கிறீர்களா நாங்கள் கூட்டிவர வேண்டுமா, ஒட்டுப்போட அதே டைல்ஸ் கையில் இருக்கிறதா என்று போட்டுவிடுங்கள். படிக்கிறவர் அதை அப்படியே அவருடைய பிளம்பருக்கு அனுப்புவார். நாங்கள் பார்த்ததும் போகலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். போட்டோவும் வேண்டும். தள்ளி நின்று பாத்ரூம் முழுவதும் ஒன்று, டிராப் ஜாலியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்து ஒன்று, கீழ்வீட்டுக் கூரை ஒன்று. எல்லோரும் ஈரச் சுவரை மட்டும் கிட்டப் போய் எடுத்து அனுப்புவார்கள். அதில் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. பாத்ரூமில் பிறகு ஏதாவது வேலை செய்தீர்களா? டைல்ஸ் மாற்றினீர்களா?

---

உமா_நங்கநல்லூர் · செவ்வாய், இரவு 9.15

2016ல் டைல்ஸ் மாற்றினோம். பழையதை உடைக்கவில்லை, அதன் மேலேயே ஒட்டினார்கள். மூன்று டைல்ஸ் மீதி இருக்கிறது, பரணில். இது முக்கியமா?

---

குழாய்க்காரன் · செவ்வாய், இரவு 9.25

ரொம்ப முக்கியம் அக்கா. மேலேயே ஒட்டினால் தரை ஏறக்குறைய ஓரங்குலம் உயரும். டிராப்பின் வாய் கீழேயே நின்றுவிடும். அதற்கும் ஜாலிக்கும் நடுவே ஒரு துண்டுக் குழாய் வைத்து உயர்த்த வேண்டும். சிலர் துண்டு வைப்பார்கள், ஒட்ட மாட்டார்கள். சிலர் துண்டே இல்லாமல் வெறும் சிமென்ட்டால் வாயைக் கட்டிவிடுவார்கள். உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவில் இந்த வரி கண்டிப்பாக வேண்டும்.

---

கீழ்வீட்டான் · புதன், காலை 6.30

எல்லோரும் மேல்வீட்டுக்காரருக்கு யோசனை சொல்கிறீர்கள். நான் வேளச்சேரியில் இரண்டு வருடமாகக் கீழ்வீட்டில் குடை பிடித்துக் குளிக்கிறவன். மேல்வீட்டில் கேட்டால் "பிளம்பர் கிடைக்கவில்லை" என்று இரண்டு வருடமாகச் சொல்கிறார்கள். அவர்களும் இப்படி அழகாகப் பதிவு போட்டுக்கொண்டே இருக்கிறார்களோ என்னவோ. கூரை பெயின்ட் செலவை யார் கொடுப்பது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

---

உமா_நங்கநல்லூர் · புதன், காலை 8.00

உங்கள் கோபம் புரிகிறது. எங்கள் மாமாவும் அதைத்தான் கேட்பார், வாயைத் திறந்தால். இன்றைக்கு பாத்ரூமைப் பூட்டிவிட்டேன். அளவு எடுத்துத் தருவதாக மாமா ஒப்புக்கொண்டார். அவரிடம் ஒரு பழைய டைரி இருக்கிறதாம், அதில் எழுதப் போகிறாராம். 31 வருடம் அஞ்சல் துறையில் கணக்குப் பார்த்தவர்.

---

உமா_நங்கநல்லூர் · அடுத்த புதன், இரவு 9.30

ஒரு வாரக் கணக்கு. எல்லாம் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, மாமா வீட்டு காபி டம்ளரில்.

பூட்டிய முதல் இரவு நான்கு டம்ளர், இரண்டாவது இரவும் ஏறக்குறைய அதுவே. பயந்துவிட்டேன், குழாய்தான் போலிருக்கிறது, சுவரை உடைக்க வேண்டும் என்று. மூன்றாவது இரவு இரண்டரை. நான்காவது இரவு ஒன்று. வால்வு திறந்தேதான் இருந்தது. செல்வம் சாரிடம் தனியாகக் கேட்டேன், அடுத்து கோப்பையைப் பாருங்கள் என்றார். ஐந்தாம் நாள் காலையில் பதினைந்து முறை ஃப்ளஷ் செய்தேன். அன்று இரவும் ஒரு டம்ளர்தான், ஏறவில்லை.

ஆறாம் நாள் தரை. டிராப்பின் வாயைப் பாலித்தீன் பையில் ஈர மணல் கட்டி அடைத்து, தரையில் ஓரங்குலம் தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன். கோடு நூலளவுகூட இறங்கவில்லை. கீழே முக்கால் டம்ளர். நேற்று இரவு ஏழு மணிக்குப் பையை எடுத்துவிட்டு, மேலும் நான்கு வாளி தண்ணீரை நேரே டிராப்பில் ஊற்றினேன். இன்று காலை மாமா டைரியோடு மேலே வந்தார். மூன்றே முக்கால் டம்ளர்.

ரவி சார் சொன்ன நீலத்தையும் அந்த நான்கு வாளியில் கலந்திருந்தேன். கீழே வந்தது வெறும் தண்ணீர்தான்.

---

செல்வம்_சைட் · அடுத்த புதன், இரவு 10.10

நீலத்தை மட்டும் நம்பியிருந்தால் டிராப் இல்லை என்று முடிவு கட்டியிருப்பீர்கள்.

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. தரை பிடிக்கிறது, கோப்பை பிடிக்கிறது, அழுத்தக் குழாயும் பெரும்பாலும் சரி. டிராப் வாயோ, டிராப்பிலிருந்து வெளியே போகும் கழிவுக் குழாயின் இணைப்போ, இரண்டில் ஒன்று. ஒரு எச்சரிக்கை: நுண்ணிய கசிவாக இருந்தால் ஒரு நாளில் தரைச் சோதனை காட்டிக்கொடுக்காமல் போகலாம். ஆனால் முக்கால் டம்ளருக்கும் மூன்றே முக்காலுக்கும் உள்ள வித்தியாசம் போதும், எங்கே உடைப்பது என்று சொல்ல.

இப்போது பதிவை எழுதுங்கள். இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

---

உமா_நங்கநல்லூர் · அடுத்த வியாழன், காலை 10.00

முதல் வரைவு:

"நங்கநல்லூர், இரண்டாவது மாடி, 1998ல் கட்டியது. பாத்ரூம் டிராப்பிலிருந்து கீழ்வீட்டில் சொட்டுகிறது. சங்கன் ஸ்லாப். 2016ல் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் போட்டோம். குழாய், கோப்பை, தரை மூன்றையும் சோதித்துவிட்டோம், டிராப்பில் தண்ணீர் விட்டால் மட்டும் சொட்டு கூடுகிறது. டிராப் இருக்கும் இடத்தை மட்டும் உடைத்துச் சரிசெய்ய வேண்டும். நேர்மையான, அனுபவமுள்ள, விலை நியாயமாகச் சொல்லும், சொன்ன நேரத்துக்கு வரும் பிளம்பர் தேவை. தெரிந்தவர்கள் நம்பர் தரவும்."

---

செல்வம்_சைட் · அடுத்த வியாழன், காலை 10.40

முன்பாதி அருமை. பின்பாதியில் பழைய பதிவு திரும்ப வந்துவிட்டது. நேர்மையான, அனுபவமுள்ள என்று நீங்கள் கேட்டால் எல்லோரும் "ஆமாம், எங்கள் ஆள் நேர்மையானவர்" என்றுதான் சொல்வார்கள். விளம்பரக்காரர் முதலில் சொல்வார். அந்த நேர்மையை நீங்களே எடைபோடும்படி கேள்வியாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் அவர் என்ன வேலை செய்தார், எப்போது, அதன்பிறகு எத்தனை மாதம் ஆயிற்று, மறுபடி கசிந்ததா, கசிந்தபோது கூப்பிட்டால் வந்தாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். வேலையில் பிசகு யாருக்கும் வரும். திரும்பி வந்து பார்த்தாரா என்பதுதான் ஆள்.

---

நித்யா_பழவந்தாங்கல் · அடுத்த வியாழன், காலை 11.15

"ஒரு மழைக்காலம் தாண்டியதா" என்றும் கேட்கச் சொல்லுங்களேன். எங்கள் வீட்டில் போட்ட பூச்சு ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் பல்லைக் காட்டியது.

---

செல்வம்_சைட் · அடுத்த வியாழன், காலை 11.30

அது மொட்டைமாடி வேலையாக இருந்திருக்கும். பாத்ரூம் தினமும் நனைகிறது, அதற்குத் தினமும் மழைக்காலம்தான். இந்த வேலைக்கு ஆறு மாதம் தாண்டியதா என்று கேட்டால் போதும்.

---

குழாய்க்காரன் · அடுத்த வியாழன், மதியம் 1.00

நம்பரைப் பொதுவில் போடச் சொல்லாதீர்கள் அக்கா. எங்கள் ஆள் ஒருவர் நம்பரை யாரோ ஒரு குழுவில் போட்டுவிட்டு, ஒரு வாரம் போனைத் தொட முடியவில்லை அவரால். அனுபவத்தை எல்லோரும் பார்க்க எழுதட்டும், நம்பரைத் தனிச்செய்தியில் தரட்டும், அதுவும் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. உங்கள் கதவு எண்ணையும் தெருவையும் பதிவில் போடாதீர்கள். எந்த ரயில் நிலையம் பக்கம் என்றால் போதும்.

அப்புறம், பட்ஜெட் எழுதாதீர்கள். 8,000 என்று எழுதினால் 4,000 ரூபாய் வேலைக்கும் 8,000 ஆகிவிடும். எங்கள் ஆட்களைப் பற்றி நானே சொல்கிறேன்.

---

ரவி_மடிப்பாக்கம் · அடுத்த வியாழன், மதியம் 1.20

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். தொகை எழுதவில்லை என்றால் 65,000 ஆட்கள்தான் மறுபடி வருவார்கள். ஒரு வரம்பு சொல்லிவிட்டால் நம் நேரம் மிச்சம்.

---

கீழ்வீட்டான் · அடுத்த வியாழன், மதியம் 2.00

பொருள் யார் வாங்குவது என்று எழுதினீர்களா? ஹார்டுவேர் கடையில் பிளம்பருக்குக் கமிஷன் உண்டு, அது பில்லில் நம் தலையில்தான் விழும்.

---

குழாய்க்காரன் · அடுத்த வியாழன், மதியம் 2.30

உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நீங்களே போய் வாங்கினால் அளவு தப்பாக வாங்கி வந்து, அதை மாற்ற இரண்டு தடவை ஓடி, அந்த நேரத்துக்கும் எங்களுக்குக் கூலி கொடுப்பீர்கள். அளவை நாங்கள் எழுதித் தந்தால் நீங்கள் போய் வாங்குங்கள். எனக்கு அது பிரச்சினை இல்லை.

---

உமா_நங்கநல்லூர் · அடுத்த வியாழன், இரவு 8.00

இன்று குழுவில் போட்டது இது. தொகை எழுதவில்லை, ரவி சார் மன்னிக்கவும்.

"பாத்ரூம் தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டி, அதை உடைத்துச் சரிசெய்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நாங்கள் பழவந்தாங்கல் ரயில் நிலையம் பக்கம், இரண்டாவது மாடி, 1998 கட்டடம், சங்கன் ஸ்லாப். 2016ல் பழைய டைல்ஸ் மேலேயே புதியது ஒட்டினோம். ஒரு வாரம் சோதித்ததில் டிராப்பில் தண்ணீர் ஊற்றினால் மட்டும் சொட்டு கூடுகிறது. தரையும் கோப்பையும் சரியாக இருக்கின்றன. டிராப்பைச் சுற்றி மட்டும் உடைக்கச் சம்மதம், முழு பாத்ரூம் வேண்டாம். ஒட்ட மூன்று டைல்ஸ் இருக்கிறது. இன்னொரு பாத்ரூம் இருப்பதால் அவசரம் இல்லை, வேலைநாள் எதுவானாலும் சரி.

உங்கள் வீட்டில் யார் செய்தார்கள், என்ன உடைத்தார்கள், எத்தனை மாதம் ஆயிற்று, பிறகு ஏதாவது என்றால் வந்தாரா என்று இங்கேயே எழுதுங்கள். நம்பரை மட்டும், அவரிடம் கேட்டுவிட்டு, தனிச்செய்தியில் அனுப்புங்கள். படங்கள் கீழே."

---

தமிழ்ச்செல்வி · அடுத்த வியாழன், இரவு 8.40

செல்வம் ஐயா, அன்றைக்குக் கிண்டல் செய்தீர்கள். என் பதிவையும் ஒரு வார்த்தை பாருங்கள். "தமிழ் வழி, சமச்சீர், பத்தாம் வகுப்பு. வடிவியலும் வரைபடமும் நன்றாகப் போடுகிறாள், அந்த எட்டு மதிப்பெண் கேள்விகள் பயமில்லை. முக்கோணவியலில் நிரூபிக்கச் சொன்னால் முதல் வரியோடு நின்றுவிடுகிறாள். வாரம் இரண்டு நாள், எங்கள் வீட்டில், நான் இருக்கும்போது. இந்த இடத்தில் தடுமாறிய பிள்ளைக்கு யாரிடம் போய் மாறியது?" சரியா?

---

செல்வம்_சைட் · அடுத்த வியாழன், இரவு 9.00

கிண்டல் செய்தது தப்பு அம்மா. பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் கடைசி வரி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

---

உமா_நங்கநல்லூர் · மூன்று நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.00

இந்தத் தடவை ஆறே பதில். விளம்பரக்காரர் ஒருவர் வந்து "அனைத்து வித லீக்கேஜ் பணிகளும் சிறந்த முறையில்" என்று ஒட்டிவிட்டுப் போனார். உங்கள் வீட்டில் என்ன உடைத்தீர்கள் என்று கேட்டேன், பதிலே இல்லை. ஒருவர் என் முடிவே தப்பு, தரைதான் கசிகிறது என்று வாதாடினார். இரண்டு பேர் பக்கத்து வீட்டில் கேட்டதாகச் சொன்னார்கள், நேரடி அனுபவம் இல்லை.

மீதி இருவர்தான் உபயோகம். ஒருவர் 14 மாதத்துக்கு முன் டிராப் மாற்றியதாகவும், இரண்டு வாரத்தில் ஓரத்தில் ஈரம் தெரிந்து கூப்பிட்டபோது அந்த ஆள் மறுநாளே வந்து காசு வாங்காமல் பார்த்ததாகவும் எழுதினார். இன்னொருவர் நல்ல வேலைக்காரரைச் சொன்னார், ஆனால் மூன்று மாதம்தான் ஆகிறது. முதலாமவர் சொன்ன ஆளையே கூப்பிட்டேன். படங்களைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை கொத்தனாரோடு வந்தார்.

டிராப்பைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி உடைத்தார்கள். குழாய்க்காரன் தம்பி, நீங்கள் சொன்னதேதான். டிராப் வாய்க்கு மேலே ஒரு சின்னத் துண்டு, ஒட்டாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் சிமென்ட், அதிலும் ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி. தண்ணீர் வேகமாகப் போகும்போது அந்த வழியாகத்தான் ஜல்லிக்குள் இறங்கியிருக்கிறது. துண்டை எடுத்துப் புதிதாக ஒட்டி, சுற்றிலும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட்டிங், டைல்ஸ். இரண்டு பேர் கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 5,400. ஒரு டைல்ஸ் மீண்டும் பரணுக்குப் போயிற்று.

---

ரவி_மடிப்பாக்கம் · ஞாயிறு, மாலை 5.30

அந்தத் துண்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் எபாக்சி போட்டார்களா?

---

உமா_நங்கநல்லூர் · ஞாயிறு, மாலை 5.35

போட்டார்கள் சார். 😊

---

கீழ்வீட்டான் · ஞாயிறு, மாலை 6.10

கூரை பெயின்ட்?

---

உமா_நங்கநல்லூர் · ஞாயிறு, மாலை 6.30

இன்னும் பேசவில்லை. பாதிப் பாதி என்று நான் நினைக்கிறேன், முழுவதும் நான்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள், மாமா ஒன்றும் சொல்லவில்லை. 2016ல் டைல்ஸ் போட்ட ஆளிடம் கேட்கலாம் என்றால் அந்த நம்பரே இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். பாத்ரூமை நேற்றிலிருந்து மறுபடி புழங்குகிறோம். இன்று காலையும் முக்கால் டம்ளர் இருந்தது. சரியாகவில்லையா?

---

செல்வம்_சைட் · ஞாயிறு, இரவு 7.15

ஒன்பது வருடத் தண்ணீர் அந்த ஜல்லியில் ஊறியிருக்கிறது, ஒரு நாளில் காயாது. கூடாமல், மெல்லக் குறைகிறதா என்று மட்டும் மூன்று நான்கு வாரம் பாருங்கள். அதற்குள் கூரைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், உரிந்துவிடும். யார் கொடுத்தாலும் சரி.

---

உமா_நங்கநல்லூர் · இரண்டு வாரம் கழித்து, செவ்வாய், காலை 7.00

நேற்று இரவு கால் டம்ளருக்கும் கீழே. டைரியில் "ஏறக்குறைய சொட்டவில்லை" என்று எழுதியிருக்கிறார் மாமா. வாளியை எடுத்துவிடலாமே என்றேன், இந்த மாதம் முடியட்டும் என்கிறார்.